காற்றில் ஆறு எழுத்து: மணிக் கொடியைப் படிப்பதும் கட்டுவதும்

இமாச்சலத்தில் தர்மசாலாவை ஒட்டித் திபெத்தியர்கள் வாழும் மெக்லியோட் கஞ்சுக்குச் சுற்றிப் பார்க்க வரும் நம்மூர்க்காரர்கள் கடைத்தெருவில் தொங்கும் ஐந்து நிறக் கொடிச் சரத்தைப் பார்த்ததுமே, "இதுலதான் ஓம் மணி பத்மே ஹூம்னு எழுதியிருக்கும்" என்று சொல்லி இரண்டு மூன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்கள். பாதி சரிதான். எழுதியிருக்கும். ஆனால் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் காட்டத் தெரியாது. நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற அந்த ஐந்து நிறங்களும் மந்திரத்தின் எழுத்துகளைக் குறிக்கின்றன என்று வேறு பலர் நம்புகிறார்கள். எழுத்து ஆறு, நிறம் ஐந்து. கணக்கு எங்கேயோ உதைக்கிறது என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

நான் கணக்கு வாத்தியார். திபெத்தியப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். குடியிருப்பது ஒரு திபெத்தியக் குடும்பத்தின் மாடியில். வீட்டுக்காரப் பாட்டியை எல்லோரும் மோலா என்கிறார்கள், தாத்தாவைப் போலா. என்னை அவர்கள் கென்லா என்று கூப்பிடுவார்கள். வாத்தியார் என்பதற்கு அங்கே அதுதான் மரியாதைச் சொல். போலா இளவயதில் மரக்கட்டையில் செதுக்கிய அச்சு வைத்துத் துணியில் கொடி அடித்தவர். இப்போது கண் மங்கிவிட்டது, ஆனாலும் கொடியைக் கையில் எடுத்தால் குற்றம் கண்டுபிடிக்காமல் கீழே வைக்கமாட்டார். கீழே எழுதுவதில் பெரும்பகுதி அந்த வீட்டு மொட்டைமாடியில் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் கொடி வகை. கடைகளில் அதிகம் விற்பது லுங்தா. 'காற்றுக் குதிரை' என்று பொருள். கயிற்றில் கிடைமட்டமாகக் கோத்திருக்கும் சதுரத் துணிகளின் நடுவில் ஒரு குதிரை இருக்கும், அதன் முதுகில் தீச்சுடர் சூழ்ந்த மணி. நான்கு மூலையிலும் கருடன், டிராகன், புலி, பனிச்சிங்கம். இவற்றுக்கு இடையில் பொடி எழுத்தில் வரிவரியாக ஓடுவதுதான் மந்திரங்கள். அதில் நம் ஆறெழுத்து ஒரே ஒரு வரிதான். வழக்கமான லுங்தாவில் அது தனியாக வராது. முன்னால் மஞ்சுஸ்ரீயின் "ஓம் வாகீஸ்வரி மும்", பின்னால் வஜ்ரபாணியின் "ஓம் வஜ்ரபாணி ஹூம்", இரண்டுக்கும் நடுவில் "ஓம் மணி பத்மே ஹூம்". அறிவு, கருணை, வலிமை என்று மூன்று போதிசத்துவர்களை ஒரே வரிசையில் நிறுத்துகிறார்கள். அதற்குப் பிறகும் பத்மசம்பவர் மந்திரம், நீண்ட ஆயுளுக்கான வேண்டுதல் என்று எழுத்து தொடரும்.

ஆறெழுத்து மட்டுமே வேண்டுமென்றால் கடையில் 'செண்ரெசிக் கொடி' அல்லது 'மணிக் கொடி' என்று கேட்க வேண்டும். இந்த மந்திரத்துக்கு உரியவர் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரர், அவரைத் திபெத்தியர்கள் செண்ரெசிக் என்கிறார்கள். அந்தக் கொடியில் குதிரை இருக்காது. நடுவில் நான்கு கையோடு அவர் உட்கார்ந்திருப்பார், அல்லது ஆறு எழுத்தும் பெரிதாகத் துணி முழுக்க நிற்கும். நான்கு கைகளையும் நின்று பாருங்கள். நெஞ்சோடு கூப்பிய இரண்டு கைகளுக்குள் ஒரு மணி. இன்னொரு வலக்கையில் பளிங்கு ஜபமாலை, இடக்கையில் தாமரை. மந்திரத்திலுள்ள மணியும் பத்மமும் அவர் கையிலேயே இருக்கின்றன.

இந்த மந்திரம் முதலில் காணப்படுவது காரண்டவ்யூஹ சூத்திரம் என்ற சமஸ்கிருத நூலில். அங்கே அது 'ஷடக்ஷரி மகாவித்யா', அதாவது ஆறெழுத்துப் பெருவித்தை. திபெத்தில் எல்லோருக்கும் பொதுவான ஜபமாக ஆனபோது பெயர் சுருங்கி வெறும் 'மணி' ஆகிவிட்டது. மோலா காலையில் ஜபமாலையோடு உட்கார்ந்தால் "மணி சொல்றேன்" என்பார். கையில் சுழற்றும் உருளை மணிச் சக்கரம், பாதையோரத்தில் எழுத்து வெட்டி அடுக்கியிருப்பது மணிக் கல்.

நமக்கு இதில் ஒரு சொந்தமும் உண்டு. லாசாவில் இருக்கும் போதலா மாளிகைக்கு அந்தப் பெயர் வந்தது, அவலோகிதேஸ்வரர் வாழும் போதலக மலையிலிருந்து. அந்த மலை தென்னாட்டில் மலய மலைப் பக்கம் இருப்பதாக 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த சீனத் துறவி சுவான்சாங் எழுதினார். நம் பொதிகைதான் அது என்று சொல்லும் ஆய்வாளர்கள் பலர். 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியத்தின் பாயிரமோ அகத்தியர் தமிழைக் கேட்டதே அவலோகிதரிடம்தான் என்கிறது. இதை மோலாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "அப்ப உங்க ஊர்லயும் மணி சொல்வாங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார், ஆறுதலுக்கு.

இனி எழுத்துகள். திபெத்திய எழுத்து இடமிருந்து வலமாகப் போவது, நம் எழுத்தைப் போலவே. முதல் எழுத்து ஓம். அகலமான ஓர் எழுத்தின் தலைமேல் இறக்கை விரித்த மாதிரி ஒரு கோடு, அதற்கும் மேலே ஒரு சின்ன வட்டம். கடைசி எழுத்து ஹூம். இதுதான் எல்லாவற்றிலும் உயரம். கீழே அடுக்கடுக்காக இறங்கும், உச்சியில் பிறையும் புள்ளியும் இருக்கும். இந்த இரண்டையும் அடையாளம் தெரிந்துகொண்டால் போதும், பொடி எழுத்துக்கு நடுவிலும் நம் வரியைப் பிடித்துவிடலாம். ஓமுக்கு அடுத்து வருவது ம. மூன்றாவது எழுத்து ணி. திபெத்திய மொழிக்கு ணகரம் கிடையாது. சமஸ்கிருத மந்திரத்தை எழுத அது தேவைப்பட்டதால், தங்களுடைய ந எழுத்தை அப்படியே கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட்டு ண ஆக்கிக்கொண்டார்கள். அதன் தலையில் சுழித்து நிற்பது இகரக் குறி. நாலாவதும் ஐந்தாவதும் பத்மே. இங்கே த்-தின் காலடியில் மகரம் ஒட்டி, 'ப', 'த்மே' என்று பிரிவதுபோல எழுத்து இருக்கும். சொல்லும்போது மட்டும் 'பத்', 'மே' என்று எண்ணி ஆறாக்குகிறார்கள். வாயில் அதுவும் தேய்ந்து "ஓம் மணி பேமே ஹூங்" என்றே காதில் விழும். யாராவது அப்படிச் சொன்னால் தப்பாகச் சொல்கிறார்கள் என்று திருத்தப் போகாதீர்கள்.

எழுத்து தெரிந்தால் உடனே ஒரு பயன் உண்டு. மெல்லிய துணியில் மை மறுபக்கமும் ஊறித் தெரியும், எது முகப்பு, எது முதுகு என்று குழப்பம் வரும். வரியின் இடது ஓரத்தில் உயரமான ஹூம் நின்றால் முதுகுப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அச்சு தலைகீழா என்று பார்க்கவும் இதே வழி. ஓமின் வட்டமும் ஹூமின் பிறையும் கயிறு இருக்கும் பக்கம் நோக்க வேண்டும். மலிவான சரங்களில் அச்சைத் தலைகீழாகப் பிடித்துத் தைத்துவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். குதிரை கால் மேலே நீட்டிக் கிடந்தது. இன்னொன்று, ஒரு துணிக்கு ஓர் எழுத்து என்று பெரிதாக அச்சிட்ட சரங்கள் வருகின்றன. ஐந்து நிறத்தில் ஆறு எழுத்தை அடைக்க வேண்டுமே, அதனால் பத்மேயை ஒரே துணியில் சேர்த்துவிடுவார்கள், இல்லையென்றால் ஆறாவது துணிக்கு மறுபடி நீலம் வரும். ஓம் நீலம், ம வெள்ளை என்ற தவறான எண்ணம் பரவியது இந்தச் சரங்களால்தான் என்பது என் சந்தேகம்.

கொடியின் ஐந்து நிறமும் பஞ்சபூதம். நீலம் ஆகாயம், வெள்ளை காற்று, சிவப்பு நெருப்பு, பச்சை நீர், மஞ்சள் நிலம். எழுத்துகளுக்கு உள்ள நிறம் வேறு. மடங்களின் சுவரில், மணிக் கல்லில் ஆறு எழுத்தையும் ஆறு வண்ணத்தில் தீட்டியிருப்பார்கள். பரவலாகக் காண்பது இது: ஓம் வெள்ளை, ம பச்சை, ணி மஞ்சள், பத் வெளிர்நீலம், மே சிவப்பு, ஹூம் கருநீலம் அல்லது கறுப்பு. இரண்டிலும் வெள்ளையும் பச்சையும் வருவதால் ஒன்றோடொன்று முடிச்சுப் போடத் தோன்றும். போடக்கூடாது. ஒன்று உலகம் எதனால் ஆனது என்பது பற்றியது, மற்றது அந்த உலகில் உயிர்கள் எப்படியெல்லாம் சிக்கிக்கிடக்கின்றன என்பது பற்றியது.

சிக்கல் என்ன என்று பார்க்க, திபெத்தியக் கோயில் வாசல் சுவரில் தீட்டியிருக்கும் பவச்சக்கரத்தின் முன்னால் நின்றால் நல்லது. யமன் பல்லால் கடித்துப் பிடித்திருக்கும் ஒரு பெரிய சக்கரம். உள்ளே ஆறு அறைகள், ஆறு பிறப்புகள். ஓர் அறைக்கு ஓர் எழுத்து. அதைச் சொல்லும்போது அந்த எழுத்தின் நிற ஒளி அங்கே போய், அந்தப் பிறப்புக்கான வாசலை அடைக்கிறது என்பது நம்பிக்கை.

ஓம் தேவலோகத்துக்கு. எடுத்த எடுப்பில் இது விசித்திரமாக இருக்கும். தேவர்களுக்கு என்ன குறை? அவர்களுடைய நோய் கர்வம். சுகத்திலேயே இருப்பதால் எதையும் தேடமாட்டார்கள், புண்ணியம் தீர்ந்ததும் விழுவார்கள், விழப்போவது முன்கூட்டியே தெரியும். அடுத்த ம, அசுரர்களுக்கு. இவர்களுக்கு நோய் பொறாமை. சக்கரத்தில் இதற்கொரு படம் உண்டு: கேட்டதெல்லாம் தரும் ஒரு மரம். அதன் வேர் அசுரர் நாட்டில், கிளையும் பழமும் தேவர் நாட்டில். தண்ணீர் ஊற்றுவது ஒருவர், தின்பது இன்னொருவர். அசுரர்கள் கோடாலியோடு நிற்பதற்கு வேறு காரணம் வேண்டுமா? ஆபீசில் வேலை பார்த்த எவருக்கும் இந்த அறை மட்டும் உரை இல்லாமலே புரிந்துவிடும்.

ணி மனிதருக்கு, நோய் ஆசை. இதை நீட்ட வேண்டியதில்லை. பத், விலங்குகளுக்கு. இங்கே நோய் அறியாமை. தனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாமல் ஓட்டுபவன் ஓட்டியபடி போவது. மே, பிரேதங்களுக்கு. திபெத்தியில் யிதக். பானை வயிறு, ஊசி கழுத்து. எதிரே சாப்பாடு இருந்தாலும் உள்ளே இறங்காது. வைத்துக்கொள்ளும் வெறியும் கொடுக்க முடியாத கையும் இப்படி ஆக்குகிறது என்பார்கள். ஹூம், நரகங்களுக்கு. கொதிக்கும் நரகங்கள் மட்டுமல்ல, உறையும் நரகங்களும் உண்டு. பனி மலையில் வாழ்ந்தவர்களுக்குக் குளிரின் கொடுமை தெரியாதா? நோய் கோபம், வெறுப்பு.

போலா இதை வரிசையாகச் சொல்லி முடித்ததும் நான், "செத்தபிறகு போகும் இடங்களா இதெல்லாம், இல்ல மனசு போகும் இடங்களா?" என்று கேட்டேன். மோலா குறுக்கே புகுந்தார். "காலையில எங்க வீட்டுக்காரர் டீ ஆறிப்போச்சுன்னு கத்தினார் பாருங்க, அப்ப ஹூம்ல இருந்தார். இப்ப உங்களுக்குப் பாடம் சொல்றார், ஓம்ல இருக்கார்." கர்வத்தைத்தான் சொல்கிறார் என்று போலாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் அவரும் சிரித்துவிட்டு, இரண்டும்தான் என்றார். பெரிய ஆசிரியர்களும் இரண்டையும் விட்டுக்கொடுப்பதில்லை. மனநிலை என்று மட்டும் சுருக்கினால் மறுபிறப்பு என்ற அடித்தளம் போய்விடுகிறது, இடம் என்று மட்டும் எடுத்தால் அது தினசரி வாழ்க்கைக்கு உதவாது.

ஆறு எழுத்துக்கு ஆறு பாரமிதைகளை, அதாவது போதிசத்துவர் வளர்த்துக்கொள்ளும் ஆறு நற்குணங்களைப் பொருத்திச் சொல்லும் வழக்கமும் உண்டு. ஓம் கொடை, ம ஒழுக்கம், ணி பொறுமை, பத் விடாமுயற்சி, மே தியானம், ஹூம் ஞானம். உலகங்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் இதை வைத்து, நோய்க்கு மருந்து என்று ஒன்றுக்கு ஒன்று கோடு போட்டால் எல்லா இடத்திலும் பொருந்தாது. அறியாமைக்கு விடாமுயற்சி, கோபத்துக்கு ஞானம் என்று வருகிறது. கோபத்துக்குப் பொறுமைதானே வர வேண்டும், கருமித்தனத்துக்குக் கொடைதானே வர வேண்டும் என்று கணக்கு வாத்தியார் புத்தி துடிக்கும். பாரமிதைகள் மகாயானத்தில் ஏற்கெனவே ஒரு வரிசையில் நிலைத்தவை. அந்த வரிசையைக் கலைக்காமல் அப்படியே எழுத்துகளின்மேல் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இணையத்தில் இரண்டு பட்டியலையும் ஒரே அட்டவணையில் ஒட்டி, அதற்கு மேல் தெய்வம், திசை என்று பத்தி பத்தியாக நிரப்பியிருப்பதைக் காணலாம். ஒரு நேரத்தில் ஒரு பட்டியலைப் பிடித்துக்கொள்வது நல்லது என்பதே என் கட்சி.

தலாய் லாமா தந்த விளக்கம் இந்த இரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. அவர் ஆறாகப் பிரிக்கவில்லை, நான்காகப் பிரிக்கிறார். ஓமில் அ, உ, ம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அவை சொல்பவரின் தூய்மையற்ற உடல், வாக்கு, மனம். கூடவே புத்தரின் தூய உடல், வாக்கு, மனம். முதலாவது இரண்டாவதாக மாற முடியும், அதற்கு வழி அடுத்த சொற்களில் இருக்கிறது. மணி என்பது வழிமுறை: பிறருக்காக ஞானம் பெற வேண்டும் என்ற எண்ணம், கருணை, அன்பு. பத்மே, தாமரை, ஞானம். சேற்றில் முளைத்தும் சேறு ஒட்டாதது. ஹூம், பிரிக்க முடியாமை. கருணையும் ஞானமும் தனித்தனியே நின்றால் வேலைக்கு ஆகாது, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் உடல், வாக்கு, மனம் மாறும். இது பயிற்சியில் இறங்குபவருக்குச் சொன்னது. கொடி கட்டுபவருக்கு உலகங்களின் பட்டியல்தான் கூடுதல் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் கொடி கட்டுவது தனக்காக அல்ல.

இதுதான் நம்மவர்கள் அதிகம் தவறவிடும் இடம். மரத்தில் மஞ்சள் துணியோ தொட்டிலோ கட்டுகிறோமே, அதுபோல வேண்டுதல் என்று நினைக்கிறார்கள். கொடி ஒரு தெய்வத்துக்கு மனு அனுப்பும் சாதனம் இல்லை. துணியில் உள்ள எழுத்தைக் காற்று உரசிக்கொண்டு போகிறது, அந்தக் காற்று யார் யார் மேல் படுகிறதோ அத்தனை உயிருக்கும் நன்மை என்பதே ஏற்பாடு. மாட்டுக்கும் காக்கைக்கும் எதிரிக்கும் சேர்த்துத்தான். தன் குடும்பத்தாரின் பெயரைத் துணியில் எழுதுபவர்களும் உண்டு, அது வழக்கத்தில் இருக்கிறது, தப்பில்லை. பூடானில் இறந்தவருக்காக 108 மணிக் கொடிகளை நெடுங்கம்பங்களில் நட்டுவைக்கிறார்கள். இறந்தவர் அந்த ஆறு வாசலில் எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

கட்டும் விதத்தை ஒரு லோசாரில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். லோசார் என்பது திபெத்தியப் புத்தாண்டு, பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். அதன் மூன்றாம் நாள்தான் பழைய கொடிகளுக்குப் புதுக்கொடி மாற்றும் நாள். மெக்லியோட் கஞ்சில் பெரிய கோயிலைச் சுற்றி வரும் பாதையில் லாக்யால் ரீ என்ற இடம் உண்டு, ஊரே அங்கே கூடும். நாங்கள் முதலில் வீட்டு மாடி வேலையை முடித்தோம்.

முந்தின மாலையே போலா சரங்களை மேசைமேல் விரித்துச் சரிபார்த்தார். இருபத்தைந்து கொடிச் சரம் ஒன்று, பத்துக் கொடிச் சரம் ஒன்று. ஐந்தின் மடங்காகவே சரம் வரும், நீலத்தில் தொடங்கி மஞ்சளில் முடியும். எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் எதிர் மூலைக் கம்பத்துக்கும் இடையில் இருபத்தைந்து கொடிச் சரம் நீளமாக இருந்தது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் மஞ்சளுக்குப் பிறகுதான் வெட்ட வேண்டும், நடுவில் எங்கே வெட்டினாலும் பூதங்களின் வரிசை அறுந்துவிடும். ஐந்து கொடியைக் கழற்றி இருபதாக்கினோம். கழற்றிய ஐந்தும் ஒரு முழு வரிசை என்பதால் அதுவும் வீணாகவில்லை, ஜன்னல் மேல் கட்ட ஆனது. இத்தனைக்கும் சரம் ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை. மேசை, தோள், நாற்காலி முதுகு என்று மாறிமாறித்தான் போனது. தரையில் படக்கூடாது, தாண்டிப் போகக்கூடாது என்பதில் மோலா கண்டிப்பு.

காலையில் வெயில் ஏறிக் காற்று எழும்பியபிறகு தொடங்கினோம். மொட்டைமாடி அடுப்பில் ஜூனிப்பர் தழை போட்டுப் புகை எழுப்பினார்கள். இதற்கு சாங் என்று பெயர். சரத்தை அந்தப் புகையில் ஒருமுறை காட்டினார்கள். பிறகு மேல் முனையை முதலில் கட்டினோம். பார்க்கிறவருக்கு இடப்பக்கம் நீலம் வரும்படி. மறுமுனையை இழுத்து விறைக்காமல் நடுவில் கொஞ்சம் தொய்யவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் கொடிகள் ஆடாமல் நடுங்கும், ஒரு வாரத்தில் தையல் விட்டுவிடும். முடிச்சு, கயிறு கம்பத்தைச் சுற்றி இரண்டு முறை போனபிறகே. முடிந்ததும் ஆளுக்கு ஒரு சிட்டிகை சம்பா கையில் எடுத்தோம். வறுத்த பார்லி மாவு அது. மூன்று முறை கையை உயர்த்தி, மூன்றாவதில் காற்றில் வீசி, "லா கியாலோ!" என்று கத்த வேண்டும். தெய்வங்களுக்கு வெற்றி என்று பொருள். மாவு பாதி என் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. அதை நல்ல சகுனம் என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

நாள் பார்ப்பதும் உண்டு. திபெத்திய நாட்காட்டியில் கொடி ஏற்றக்கூடாத நாள்கள் தனியாகக் குறித்திருக்கும். அந்த நாளில் ஏற்றினால் அந்தச் சரம் இருக்கும்வரை தடை என்று நம்புகிறார்கள். தர்மசாலாவில் உள்ள மென்-ட்சி-காங் என்னும் திபெத்திய மருத்துவ, சோதிட நிறுவனம் ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வெளியிடுகிறது. நம்பிக்கை இல்லாதவர்களும் அக்கம்பக்கத்துத் திபெத்தியர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கட்டுவது மரியாதை. லோசாரைத் தவறவிட்டவர்கள் புத்தரின் மாதமான சாகா தாவாவில் கட்டலாம். மே, ஜூன் வாக்கில் வரும்.

இனி, வாங்கும்போது ஏமாறும் விஷயம். இன்று பெரும்பாலான சரம் பாலியஸ்டர். வண்ணம் பளிச்சென்று இருக்கும், மெலிந்து வழவழப்பாக இருக்கும், அதனாலேயே விற்கிறது. ஆனால் கொடி வெளுக்க வேண்டும், ஓரம் பிரிய வேண்டும். எழுத்து காற்றில் கரைந்து போய்ச் சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். பாலியஸ்டர் அவ்வளவு சுலபத்தில் வெளுக்காது, கிழிந்தாலும் மக்காது, கணவாய்களில் குப்பையாகச் சுருண்டு கிடக்கும். பார்த்து வாங்கத் தெரியவில்லை என்றால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டியான குண்டுமணியாக நிற்கும். கடைக்காரர் முறைத்தால் வாங்கிய பிறகு வெளியே வந்து செய்யலாம். பருத்தியிலும் ஒரு குறை உண்டு: மட்டமான சாயம் போட்டிருந்தால் முதல் மழையிலேயே சிவப்பு இறங்கிப் பக்கத்து வெள்ளையை இளஞ்சிவப்பாக்கிவிடும். ஈரத் துணியால் சிவப்புக் கொடியைத் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தர்மசாலா மழைக்குப் பேர்போன ஊர். ஜூலையில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. காற்றோட்டம் இல்லாத சுவரோரத்தில் கட்டிய சரம் கரும்பூஞ்சை பிடித்து எழுத்தே தெரியாமல் போகும். நம் கடற்கரை ஊர்களிலும் இதே கதைதான். சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, இரண்டு பக்கமும் காற்று வரும் இடத்தில் கட்டினால் நனைந்தாலும் காய்ந்துவிடும். பழசாகிவிட்டதே என்று துவைத்துத் திரும்பக் கட்டுவது வழக்கமில்லை. இன்னொருவர் கட்டியதை அவிழ்ப்பதும் கூடாது, அழகான புகைப்படத்துக்காக ஒதுக்கிக் கட்டுவதும் கூடாது.

பழைய சரத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் எரிப்பார்கள். அன்று இறக்கியதில் ஒன்று யாரோ பரிசளித்த பாலியஸ்டர் சரம். போலா அதைச் சாங் அடுப்பில் போடவிடவில்லை. அந்தப் புகை தெய்வத்துக்கும் ஆகாது, நம் நெஞ்சுக்கும் ஆகாது என்றார். மடித்து ஒரு பையில் போட்டு அலமாரி மேல் வைத்தார். அது இன்னமும் அங்கேதான் இருக்கிறது, என்ன செய்வது என்று வீட்டில் ஒருவருக்கும் முடிவில்லை. பருத்தி வாங்கச் சொல்வதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது.

கடைசியாக, பைக்கில் லடாக் கிளம்பும் பையன்கள் கேட்பது: வண்டியில் கட்டலாமா? கட்டலாம், எல்லோரும் கட்டுகிறார்கள். ஹேண்டில்பார் குறுக்கே, விளக்குக்கு மேலே, ஐந்து சின்னக் கொடி போதும். பின்சீட்டுக்குக் கீழே, சைலன்சர் பக்கம், கால் படும் இடம், சக்கரத்தில் சேறு தெறிக்கும் இடம் வேண்டாம். செயினிலோ பிரேக் கேபிளிலோ சுற்றிக்கொள்ளும் நீளமும் வேண்டாம். அதில் மந்திரத்துக்கு அவமரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், கணவாயில் பிரேக் பிடிக்காமல் போனால் ஆறு வாசலில் ஒன்றை நீங்களே நேரில் போய்ப் பார்க்க வேண்டி வரும் என்று போலா சொல்லச் சொன்னார்.